ரொட்டவேட்டர் நிற்குது, எஞ்சின் நிற்கல: டபுள் கிளட்ச் டிராக்டரைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

காவேரிப்பட்டணத்துப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இடையுழவு நடந்துகொண்டிருந்தது. 45 குதிரைத்திறன் டிராக்டர், டபுள் கிளட்ச், பின்னால் 6 அடி ரொட்டவேட்டர். காலையில் ஒழுங்காக ஓடியது. அரை மணி நேரம் கழித்து ரொட்டவேட்டர் மட்டும் வேகம் குறைந்து, மண்ணுக்குள் சிக்கியது போல நின்று நின்று சுற்ற ஆரம்பித்தது. எஞ்சின் சத்தம் ஒரு துளி கூட இறங்கவில்லை. வண்டியை நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். ஓட்டிக்கொண்டிருந்த பையன் எனக்குப் போன் போட்டு, "அண்ணா, கிளட்ச் செட்டு மாத்தணும்னு பட்டறையில சொல்லிட்டாங்க, வண்டியைப் பிரிச்சிடலாமா?" என்று கேட்டான்.

பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் செட்டு மட்டும் மாற்றியிருந்தால் அடுத்த சீசனில் மறுபடி பிரித்திருக்க வேண்டும். இந்த வண்டியை வைத்தே, எதை எந்த வரிசையில் பார்க்கணும் என்று எழுதுகிறேன். இது ஒரே பெடலில் இரண்டு கட்டமாக வேலை செய்யும் டபுள் கிளட்ச்சுக்கானது. பிடிஓ என்பது ரொட்டவேட்டர் மாதிரி கருவியைச் சுற்ற டிராக்டரின் பின்னால் இருக்கும் ஷாஃப்ட். பிடிஓவுக்குத் தனி லீவரோ சுவிட்சோ இருந்து, பெடலை மிதிக்காமலேயே ஓடும் வண்டியில் பிடிஓவைப் போடுகிற மாடல் என்றால், அதில் பெரும்பாலும் எண்ணெயில் முங்கியிருக்கும் ஹைட்ராலிக் கிளட்ச் இருக்கும். அது வேறு கதை.

பெடலுக்குள் என்ன நடக்கிறது

டபுள் கிளட்ச்சில் ஒரே கவருக்குள் இரண்டு பிளேட் இருக்கின்றன. ஒன்று கியர்பாக்ஸுக்கு, இன்னொன்று பிடிஓவுக்கு. பெடலைப் பாதி மிதித்தால் முதல் பிளேட் விடுபட்டு வண்டி நிற்கும், ரொட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருக்கும். முழுசாகத் தரைவரை மிதித்தால் இரண்டாவது பிளேட்டும் விடுபட்டு பிடிஓ நிற்கும். பிடிஓ லீவரைப் போட முழு மிதி வேண்டும் என்பது இதனால்தான்.

பெடலின் மொத்த ஓட்டம் மாறாத அளவு. அதில் ஆரம்பத்தில் கொஞ்சம் வெறும் ஆட்டம், அதைத்தான் ஃப்ரீ பிளே என்கிறோம். அதன்பின் வண்டி கிளட்ச், கடைசியில் பிடிஓ கிளட்ச். பிளே அதிகமாக இருந்தால் அது கடைசிப் பங்கில் இருந்து பிடுங்கப்படும். அதாவது முதலில் அடிபடுவது பிடிஓ. பெடலை மிதித்தாலும் பிடிஓ முழுசாக நிற்காது, லீவரைப் போட்டால் பல்லு கடிக்கும், ஏறாது. பிளே இல்லாமலே போனால் நேர் எதிராக நடக்கும். பெடல் தள்ளும் ரிலீஸ் பேரிங், பிளேட்டை விடுவிக்கும் நெம்புகோலான ஃபிங்கர் மேல் எப்போதும் அழுத்திக்கொண்டே இருப்பதால் வண்டி கிளட்ச்சின் பிடி தளரும். ஏற்றத்தில் எஞ்சின் அலறும், வண்டி நகராது.

பிளே ஏன் குறைகிறது என்பதில் பலருக்குக் குழப்பம். பிளேட் தேய்ந்து மெலிந்தால், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீல் பக்கம் நகர்கிறது. அப்போது ஃபிங்கரின் உள்முனை எதிர்ப்பக்கமாக, ரிலீஸ் பேரிங்கை நோக்கி வருகிறது. அதனால் வண்டி ஓட ஓட பெடல் ஆட்டம் தானாகவே குறையும். "போன வருஷம் செட் பண்ணினதுதானே" என்று விட்டுவிட்டால், ஒருநாள் பிளே பூஜ்யமாகி, பிளேட் வழுக்கி, வழுக்கும் சூட்டில் இன்னும் வேகமாகத் தேயும்.

வெளியிலேயே பார்க்க வேண்டியவை

எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, பிடிஓவை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை போட்ட பிறகுதான் எதையும் தொடவேண்டும். சுற்றும் பிடிஓ ஷாஃப்ட் பக்கம் துண்டோடும் வேட்டியோடும் குனிகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். துணி ஒரு நூல் மாட்டினால் கையை எடுக்க நேரம் இருக்காது.

முதலில் கிளட்ச்சே இல்லாத காரணங்களைக் கழித்துவிடுங்கள். ரொட்டவேட்டர் ஷாஃப்டில் ஷியர் போல்ட் இருக்கும். கல்லில் அடித்து அது அறுந்திருந்தால் டிராக்டர் பக்க நுகம் சுற்றும், ரொட்டவேட்டர் பக்கம் சுற்றாது. பர்கூர், ஊத்தங்கரை மாதிரி கல் காட்டில் இதுதான் அடிக்கடி. பிடிஓ லீவரின் ராடில் காட்டர் பின் விழுந்து, லீவர் மட்டும் நகர்ந்து உள்ளே கப்ளிங் நகராமல் இருக்கலாம். சில மாடலில் லீவரைத் தரைவேக பிடிஓ நிலையில் தவறாகப் போட்டிருப்பார்கள். அதில் வண்டி நகர்ந்தால்தான் பிடிஓ சுற்றும், நின்றபடி திரெஷரை ஓட்டப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. சிரிப்பாக இருக்கும், ஆனால் இதற்காகப் பட்டறைக்கு வந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, இது வழுக்கலா, சுமை அதிகமா என்று பிரியுங்கள். ரொட்டவேட்டர் மண்ணில் இறங்கும்போது எஞ்சின் சத்தமும் சேர்ந்து அமுங்கி, கரும்புகை தள்ளினால் கிளட்ச் நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆழம் அதிகம், அல்லது கியர் அதிகம். எஞ்சின் அதே சுருதியில் ஓட, ரொட்டவேட்டர் மட்டும் சோர்ந்தால் பிடிஓ பிளேட் வழுக்குகிறது. தோப்பில் நடந்தது இதுதான்.

வண்டி கிளட்ச்சுக்குத் தனிச் சோதனை. முன்னால் ஆளும் சுவரும் இல்லாத சமதளத்தில், இரண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு இணைத்து மிதித்து, பெரிய கியரைப் போட்டு, நடுத்தர வேகத்தில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் இறங்கி அணைந்துவிடும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்கல். உடனே மிதித்துவிட வேண்டும். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் போகக் கூடாது, இரண்டாம் முறை செய்யவும் கூடாது. சந்தேகத்தில் இருந்த பிளேட்டை நீங்களே எரித்துவிடுவீர்கள்.

பெடல் பிளே: ஸ்கேலும் கையும்

பிளேயைக் காலால் பார்க்கவே முடியாது. காலுக்கு எல்லாமே லேசாகத்தான் தெரியும். பெடலின் மேல்முனைக்குப் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, உள்ளங்கையால் அழுத்துங்கள். லேசாகப் போய்க்கொண்டிருந்தது திடீரென்று கனக்கும். அந்த இடம்வரை உள்ள தூரம்தான் பிளே. பெரும்பாலான வண்டிக்கு 20 முதல் 30 மி.மீ.க்குள் சொல்லியிருப்பார்கள். உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவுதான் இறுதி.

ஒரு ஏமாற்று இருக்கிறது. ராடின் பின்னும் ஃபோர்க்கின் ஓட்டையும் தேய்ந்திருந்தால், அந்தத் தேய்மானமே 10 மி.மீ. ஆட்டம் காட்டும். ஸ்கேல் 25 என்று சொல்லும், உள்ளே பேரிங் ஃபிங்கரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஒருவர் பெடலை அழுத்த, இன்னொருவர் பெல் ஹவுசிங்கில் இருந்து வெளியே வரும் குறுக்கு ஷாஃப்டின் கையைப் பார்க்கணும். பெடல் நகர்ந்தும் அந்தக் கை நகராத தூரம் பின்களின் தேய்மானம். முதலில் பின்னை மாற்றுங்கள், பிறகு அளந்து பாருங்கள்.

செட் பண்ணுவது சுலபம். ராடில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, காட்டர் பின்னை எடுத்து ஃபோர்க்கை ஓரிரு சுற்று திருப்பி, மாட்டி, அளந்து பாருங்கள். எந்தப் பக்கம் திருப்பினால் கூடும் என்பது மாடலுக்கு மாடல் வேறு. ஒரு சுற்று திருப்பினாலே தெரிந்துவிடும். முடிந்ததும் லாக் நட்டை இறுக்கி, புதுக் காட்டர் பின் போடுங்கள். பழைய பின்னை நிமிர்த்தி மாட்டுகிறவர்களுக்குத்தான் நடுக்காட்டில் பெடல் தொங்கும்.

இங்கே ஒரு முக்கியமான அடையாளம். திருகு மரை முடியும்வரை திருப்பியும் பிளே வரவில்லை என்றால், பிளேட் தேய்ந்து எல்லைக்கு வந்துவிட்டது. அதற்கு மேல் செட்டிங் இல்லை.

தோப்பு வண்டியில் பிளே 8 மி.மீ.தான் இருந்தது. 25க்குக் கொண்டுவந்தோம், மரை இன்னும் பாதி மிச்சம். ரோட்டில் டிரெய்லரோடு இழுவை நன்றாகவே மாறியது. ஆனால் ரொட்டவேட்டர் அரை மணி நேரத்தில் மறுபடி சோர்ந்தது. ஆக, வண்டி கிளட்ச்சின் குறை பிளே. பிடிஓவின் குறை வேறு எங்கோ. ஆறினால் பிடிக்கும், சூடானால் வழுக்கும் என்ற நடத்தை எண்ணெயைச் சந்தேகிக்க வைக்கும்.

பெல் ஹவுசிங் அடி ஓட்டை

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில், பெல் ஹவுசிங்கின் அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. பல வண்டிகளில் அதில் ஒரு காட்டர் பின் தளர்வாகத் தொங்கும். வண்டி அதிரும்போது பின் ஆடி, ஓட்டை அடைக்காமல் பார்த்துக்கொள்வதற்காக அதைப் போட்டிருக்கிறார்கள். உள்ளே எண்ணெய் கசிந்தால் இந்த வழியாகச் சொட்டி உங்களுக்குச் சொல்லும்.

சேற்று உழவுக்குப் போகும்போது தண்ணீர் ஏறாமல் இருக்க, அந்த ஓட்டையில் பிளக் போடுவார்கள். வேலை முடிந்ததும் கழற்றணும். கே.ஆர்.பி. அணைப் பாசனத்தில் கேஜ் வீல் கட்டி சேறடித்த பிறகு இந்த வண்டியில் பிளக்கைக் கழற்ற மறந்திருந்தார்கள். நான் கழற்றியதும் கருப்பு எண்ணெய் ஒரு டம்ளர் அளவு கொட்டியது. ஃபிளைவீல் சுற்றும் இடத்தில் எண்ணெய் தேங்கினால் அது அடியில் சும்மா கிடக்காது. வாரித் தூற்றி இரண்டு பிளேட்டையும் நனைக்கும்.

வந்தது எந்த எண்ணெய் என்று பார்ப்பது அடுத்த வேலை. கருப்பாக, நீர்த்து, டீசல் வாடை லேசாக அடித்தால் எஞ்சின் ஆயில். அது கிராங்க் ஷாஃப்டின் பின் ஆயில் சீல் வழியாக வருகிறது. தேன் நிறத்திலோ, கெட்டியாக கியர் ஆயில் நெடியோடோ இருந்தால் கியர்பாக்ஸ் முன் ஷாஃப்ட் சீல். நீல நிறக் கைக்குட்டையில் தொட்டால் எல்லாம் கருப்பாகத்தான் தெரியும். வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கூடவே டிப் ஸ்டிக்கில் எந்த அளவு குறைகிறது என்பதும் சாட்சி.

சீல் கசிந்தால் சீல் மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. எஞ்சினின் பிரீதர் குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும். நம்ம ஊர் செம்மண் தூசிக்கு எண்ணெய்ப் பசை கிடைத்தால் களி மாதிரி உறைந்துவிடும். இந்த வண்டியின் பிரீதரைக் கழற்றியபோது சுண்டு விரல்கூடப் போகவில்லை. கியர்பாக்ஸ் பக்கம் என்றால், அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருப்பதும் அதேபோலக் கசிவைத் தரும். பெடல் ஷாஃப்டுக்கும் ரிலீஸ் பேரிங்குக்கும் கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கும் மாடலில், "நல்லா இருக்கட்டும்" என்று இருபது பம்பு அடிப்பவர்கள் உண்டு. மிஞ்சிய கிரீஸ் உருகி பிளேட்டுக்குத்தான் போகும்.

எண்ணெய் நனைந்த பிளேட்டை பெட்ரோலில் கழுவிக் காயவைத்துப் போடலாமா என்று கேட்பார்கள். முடியாது. லைனிங் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். மேல்பரப்பு காய்ந்து ஒரு வாரம் பிடிக்கும், சூடேறியதும் உள்ளே இருப்பது கசியும்.

பிரிக்கும்போது

இதை வீட்டு முற்றத்தில் தனியாகச் செய்ய வேண்டாம். சமமான சிமெண்ட் தரை, பலமான ஸ்டாண்டு, ஜாக்கி, இதைச் செய்து பழகிய ஒருவர், இவை நான்கும் இல்லாவிட்டால் பட்டறைக்கே கொண்டுபோங்கள். பட்டறையிலும் ஒன்றைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். முன் ஆக்ஸில் நடுப் பின்னில் ஊசலாடும் அமைப்பு. எஞ்சினைக் கியர்பாக்ஸில் இருந்து விடுவித்ததும் அது பக்கவாட்டில் சாயும். முன் ஆக்ஸிலுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்திருக்கணும். ஆப்பு அடிக்காமல் போல்ட்டைக் கழற்றும் பட்டறையில் இருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

ரொட்டவேட்டரைக் கழற்றி, பேட்டரி வயரை எடுத்து, டீசலை அடைத்து, வயர், ஸ்டீயரிங் இணைப்பு, ஹைட்ராலிக் குழாய், ஆக்ஸிலரேட்டர் ராடு என்று எது எதற்குப் போகிறது என்பதை போனில் படம் எடுத்த பிறகு கழற்றுங்கள். கியர்பாக்ஸ் அடியில் ஸ்டாண்டு, எஞ்சின் அடியில் உருளும் ஜாக்கி. பின்பு இரண்டு பாதியையும் நேராக, கோணாமல் பிரிக்கணும்.

உள்ளே உள்ள தூசியைக் கம்ப்ரஸரால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அது நுரையீரலுக்குப் போய்விட்டால் திரும்பி வராது. ஈரத் துணியால் துடையுங்கள்.

உள்ளே எதைப் பார்த்து முடிவு செய்வது

பிளேட்டில் லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட் தலைக்கும் மேல்பரப்புக்கும் உள்ள பள்ளம்தான் மிச்ச ஆயுள். ரிவெட் தலை அரை மி.மீ.க்குள் வந்துவிட்டால் போட வேண்டாம். அடுத்த சீசனுக்குள் ரிவெட் ஃபிளைவீலைக் கீறும். இந்த வண்டியில் வண்டி பிளேட்டில் 1 மி.மீ. சொச்சம் இருந்தது. பிடிஓ பிளேட் கனத்தில் நன்றாகவே இருந்தது. ஆனால் கண்ணாடி போலப் பளபளத்து, கருத்து, விரலால் அழுத்தினால் ஈரம் ஒட்டியது. தேயாமலே போன பிளேட். வண்டி பிளேட்டின் ஓரத்திலும் எண்ணெய் ஏறியிருந்ததால் இரண்டையும் மாற்றினோம்.

ஃபிளைவீல் முகத்தில் நீலப் புள்ளி, கீறல், மயிரிழை வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். லேசான கீறல் என்றால் லேத்தில் முகம் எடுக்கலாம். ஆனால் சில ஃபிளைவீலில் பிளேட் உட்காரும் முகமும் கவர் உட்காரும் முகமும் படி மாதிரி வேறு வேறு உயரத்தில் இருக்கும். ஒன்றை மட்டும் கடைந்தால் அழுத்தம் மாறிவிடும். இரண்டையும் ஒரே அளவு எடுக்கச் சொல்லுங்கள். வெடிப்பு தெரிந்தால் கடைய வேண்டாம், மாற்றுங்கள். ரிலீஸ் பேரிங்கும், ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங்கும் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுவது என் பழக்கம். அவற்றின் விலையைவிட மறுபடி பிரிக்கும் கூலி பல மடங்கு.

அதே காரணத்துக்காக இரண்டு சீலையும் மாற்றணும். இங்கே ஒரு நுணுக்கம். பழைய சீலின் உதடு கிராங்க் ஷாஃப்டில் அதே இடத்தில் உரசி ஒரு பள்ளக் கோடு போட்டிருக்கும். புதுச் சீலையும் அதே ஆழத்தில் அடித்தால் உதடு அந்தப் பள்ளத்தில் விழுந்து மறுபடி கசியும். இடம் அனுமதித்தால் ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி உட்கார வையுங்கள். உதட்டில் எண்ணெய் தடவாமல் காய்ந்தபடி ஏற்றினால் முதல் ஸ்டார்ட்டிலேயே கருகும்.

மாட்டும்போது பிளேட்டின் திசை முக்கியம். ஹப்பின் நீட்டு எந்தப் பக்கம் என்று கழற்றும்போதே குறித்துவையுங்கள். எந்தப் பிளேட் ஃபிளைவீல் பக்கம் வரும் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். கவரை இறுக்கும் முன் டம்மி ஷாஃப்டால் இரண்டு பிளேட்டையும் மையத்துக்குக் கொண்டுவந்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பிறகு ஃபிங்கர்களின் உயரம் எல்லாம் சமமா என்று கேஜில் பாருங்கள். ஒன்று மட்டும் தூக்கி நின்றால் பிளேட் ஒரு பக்கமாக விடுபட்டு, வண்டி எடுக்கும்போது உதறும். டபுள் கிளட்ச்சில் வண்டி பிளேட் விடுபட்ட பிறகு பிடிஓ எப்போது விடுபட ஆரம்பிக்கணும் என்பதற்கும் தனிச் செட்டிங் போல்ட் உண்டு. கையேட்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துப் போடுங்கள். கண் மதிப்பில் இறுக்கிவிட்டால் பிடிஓ பிளேட் அரைகுறைப் பிடியிலேயே ஓடி, புதுசாகவே கருகும்.

இரண்டு பாதியையும் சேர்க்கும்போது ஸ்ப்லைன் பொருந்தாமல் நிற்பது சகஜம். பிடிஓ ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றினால் உள்ளே விழும். விழாததை போல்ட் போட்டு இழுத்துச் சேர்க்கவே கூடாது, கியர்பாக்ஸின் எடை பிளேட்டின் ஹப்பில் தொங்கவும் கூடாது. வளைந்த பிளேட் வெளியே தெரியாது, பிடிஓ நிற்காமல் சுற்றும்போதுதான் தெரியும்.

ஓட்ட ஆரம்பித்த பிறகு

பிரீதரை டீசலில் கழுவி, பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் புதுக் காட்டர் பின்னைத் தொங்கவிட்டு, பிளேயை 25 மி.மீ.க்கு வைத்துக் கொடுத்தோம். முதல் சில நாள் ஆழமான ரொட்டவேட்டர் வேலை வேண்டாம், புதுப் பிளேட் முகம் படியட்டும் என்று சொன்னேன். பையனிடம் இன்னொன்றும் சொன்னேன். உழும்போது அவன் இடது கால் பெடலின் மேலேயே இருந்தது. கால் எடை போதும், பேரிங்கை ஃபிங்கர் மேல் அழுத்த. கால் ஃபுட்ரெஸ்டில் இருக்கணும். ரொட்டவேட்டரை மண்ணுக்குள் இறக்கிவைத்துவிட்டு பிடிஓவைப் போடுவதும் அவன் பழக்கம். தூக்கிய நிலையில், குறைந்த வேகத்தில் போட்டு, சுற்ற ஆரம்பித்ததும் இறக்கினால் பிளேட்டுக்கு அந்த முதல் அடி விழாது.

30 மணி நேரம் ஓடியதும் வரச் சொன்னேன். பிளே 18 மி.மீ. ஆகியிருந்தது. புதுப் பிளேட் படியும்போது இப்படிக் குறைவது வழக்கம்தான், மறுபடி 25க்கு வைத்தோம். அடியில் தொங்கிய காட்டர் பின்னை விரலால் தொட்டுப் பார்த்தேன், செம்மண் தூசிதான் ஒட்டியது.